கீழ்வீட்டுக்கு ஒரு நன்றி, 2,760 ரூபாய்க் கணக்கோடு

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், போனில் விசாரித்துக்கொண்டே இருக்கும் என் பள்ளிக்கூடத் தோழிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குள் நான் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய் வருகிறேன். படி இறங்க இன்னும் ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள்.

அன்றைக்கு மொட்டை மாடியிலிருந்து பால்கனிக்குள் குதித்துத் தாழ்ப்பாளைத் திறந்த இஸ்திரிக்கடைக்காரர் மகன், ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் திரும்பிவிடாதபடி தெருமுனையில் போய் நின்ற பூக்காரம்மா, ரத்தம் கொடுத்த இரண்டு பிள்ளைகள், நாற்காலியோடு என்னை மாடிக்குத் தூக்கி வந்த நான்கு பேர், பூனாவிலிருந்து ஓடி வந்த என் மகன், மருமகள், இருபது நாளும் மாற்றி மாற்றி சாப்பாடு அனுப்பிய மூன்று வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாகச் சொல்லவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுந்து நடந்ததும் வீடு வீடாக வருவேன்.

இந்த மடலில் மிச்ச இடம் முழுக்க என் கீழ்வீட்டுக்காரர்களுக்கு. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. தேனிப் பக்கம். அவர் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை, அந்தப் பெண் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள், நான்கு வயதில் ஒரு குட்டி. என் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு வருடம் கீழ்வீட்டைப் பூட்டியே வைத்திருந்தேன். யாரை நம்பி விடுவது? கடைசியில் மகன் நச்சரித்துத்தான் விட்டேன். பத்து மாத அட்வான்ஸ் கேட்டேன், இங்கே எல்லோரும் கேட்பதுதான். அந்தத் தம்பி மெதுவாக, "2017 வாடகைச் சட்டப்படி மூணு மாசந்தாம்மா, அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டா வாங்கலாம்"னு சொன்னார். ஐந்து மாதத்துக்கு முடிந்தது. ஆனால் அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன், சட்டம் பேசுகிறவன் நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டான் என்று. அவர்கள் வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று மாடியிலிருந்து எண்ணியிருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் நின்றிருக்கிறேன். மாற்றுச் சாவியை அவர்களிடம் கொடுக்கலாமே என்று மகன் சொன்னபோது, "அதுக்கு நான் திண்ணையிலயே பெட்டியைத் திறந்து வச்சிடலாம்"னு சொன்னவள் நான். ராத்திரி மூன்று தாழ்ப்பாள் போடுவேன். அந்த மூன்றும்தான் அன்றைக்கு எல்லோரையும் வெளியே நிறுத்தி வைத்தன.

இனி மோட்டார் விஷயம். இந்த வீடு முதலில் தரைத்தளம் மட்டும்தான். 1998ல் மாடி கட்டியபோது மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினோம். ஆனால் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் ஒரு எச்.பி. மோட்டாரின் லைன் பழையபடி கீழ்வீட்டு மீட்டரிலேயே நின்றுவிட்டது. சுவிட்சுக்கு மட்டும் ஒயர் இழுத்து மாடியில் வைத்தோம். இரண்டு தளத்திலும் நாங்களே இருந்தவரை அது ஒரு விஷயமே இல்லை. வாடகைக்கு விட்டபோது எனக்கு அது நினைவில் இருந்தது. அக்ரிமெண்டில் தண்ணீருக்குத் தனிப் பணம் கிடையாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று முதல் மாதம் நினைத்தேன், இரண்டாவது மாதம் அப்படி நினைப்பதையும் விட்டுவிட்டேன். ஆக, நான் குளித்த தண்ணீருக்கும் செடிக்கு ஊற்றிய தண்ணீருக்கும் கரண்ட் பில் கட்டியது அவர்கள். அவர்கள் பில்லை அவர்களே நேராகக் கட்டுவதால் என் கண்ணில் படாது, வசதியாகப் போயிற்று.

மோட்டாரைப் போடுவது நான்தான், காலை ஐந்தரைக்கு. சுவிட்சைக் கீழே மாற்றச் சம்மதிக்கவில்லை. ஒருமுறை வாசல் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் ஒரு நாள் முழுக்க மோட்டாரே போடாமல் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், அரைகுறையாகச் சொல்லி என்ன பயன். வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறதாம், மகன் இப்போது சொல்கிறான். கீழ்வீட்டில் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருக் குழாயில் போய் நான்கு குடம் பிடித்து வந்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் விழவில்லை. சத்தமும் வேறு மாதிரி, லேசாக, வெறும் வயிற்றில் ஓடுகிற மாதிரி. அந்தத் தம்பி கேட்காமலே மேலே வந்து, "உடனே நிறுத்துங்கம்மா, காத்து வாங்கிடுச்சு, தண்ணி இல்லாம ஓடினா சீல் போயிடும்"னு சொன்னார். சம்ப்புக்குள் இருக்கும் ஃபுட் வால்வில் சின்ன மணல் மாட்டி, ராத்திரி பைப்பில் நின்ற தண்ணீர் எல்லாம் இறங்கிப்போயிருந்தது. அவர் வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டினார், மோட்டார் தலையில் இருக்கும் திருகைத் திறந்து குமிழி வருவது நிற்கும் வரை சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார், மூடினார், போடச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். உதவிக்கு என்று நினைத்திருப்பார். ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் நின்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்குக் காபி கொடுத்தேன், குற்றமுள்ள நெஞ்சோடு. அதற்குப் பிறகு குட்டி மேலே வர ஆரம்பித்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும், கேள்வி கேட்கும். நானும் ராத்திரி மூன்றாவது தாழ்ப்பாளைச் சில நாள் மறந்துபோக ஆரம்பித்தேன். அந்த மறதி அன்றைக்கு இல்லாமல் போயிற்று.

நான் விழுந்த அன்று ஐந்தரைக்கு மோட்டார் சத்தம் வரவில்லை. அந்தப் பெண் டிபன் கட்ட எழுந்தவள், "மேல மோட்டார் போடலையே"ன்னு இரண்டு தடவை சொல்லிவிட்டு, ஐந்தே முக்காலுக்கு மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்ததாம், தொட்டியில் முதல் நாள் தண்ணீர் இருந்தது. அவள் தண்ணீருக்காக வரவில்லை. இல்லாவிட்டால் பால்காரர் ஏழு மணிக்கு வந்து மணி அடித்துப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் அவள் ரசம் சாதத்தைக் குழைத்துக் கொண்டுவந்து ஊட்டினாள். எனக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை. மோட்டார் லைன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியை வைக்கக்கூட இல்லை. "மூணாவது மாசமே தெரியும்மா. நீங்க சாப்பிடுங்க" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே மெயினை அணைத்துவிட்டு ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தார்களாம். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை, ஆனால் மீட்டரில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மோட்டார் நின்றதும் அதுவும் நின்றது. அதோடு புரிந்துவிட்டது.

ஏன் கேட்கவில்லை என்றேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம்மா. குட்டிய அப்பத்தான் ஸ்கூல்ல சேர்த்திருந்தோம். மறுபடி புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, வண்டிக்கூலி, எங்களால முடியாது" என்றாள். நான் அவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அதே பதினான்கு மாதம் அவர்களும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் கீழே இருந்திருக்கிறார்கள். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டேன். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மெயினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் மோட்டார் ஓடினால் மீட்டர் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து எழுதியிருந்தார், முக்கால் யூனிட். சாயந்திரம் கால் மணியும் சேர்த்து நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாதப் பில்லுக்கு அறுபது. சாதாரணப் பில்லில் அது ஏறக்குறைய 280 ரூபாய். கோடையில் இரண்டு பில்லில்தான் அடி. ஏசி போட்டதால் 470 யூனிட் வரை வந்திருந்ததை இந்த அறுபது 500ஐத் தாண்ட வைத்துவிட்டது. தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுக்கும் ரேட்டு ஏறிவிடும், அதனால் ஒவ்வொன்றிலும் 680 போலக் கூடுதல். ஏழு பில்லுக்கும் சேர்த்து 2,760. முதல் பில்லுக்கு மட்டும் உத்தேசம் என்று பக்கத்தில் குறித்திருந்தார்.

பணத்தை நீட்டினேன். "இருக்கட்டும்மா, இப்ப எதுக்கு" என்பார், நான் கையில் திணிப்பேன், அவர் மறுப்பார், கடைசியில் நான் ஒரு பாவப்பட்ட கிழவியாகப் பணத்தைத் திரும்பத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கிக்கொண்டார். நிதானமாக எண்ணினார். நாற்பது ரூபாய் அதிகம் இருந்தது, திருப்பிக் கொடுத்தார். நோட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டுக் காட்டினார். உங்களுக்கெல்லாம் இது உதவியாகத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இருபது நாளாக எல்லோரும் என்னைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், ஊட்டினார்கள், நான் வாங்கிக்கொண்டே இருந்தேன். அவர் ஒருவர்தான் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர் படி இறங்கிய பிறகு ரொம்ப நேரம் அழுதேன். வலியினால் இல்லை.

வியாழக்கிழமை எலக்ட்ரீசியன் வருகிறார். மோட்டார் லைன் என் மீட்டருக்கு வருகிறது. ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைக் கீழேயே விட்டால், கரண்ட் கசிந்தால் அணைக்கும் இ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள் என்று அந்தத் தம்பி நோட்டில் இருந்து தாள் கிழித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஒரு நாள் கீழே மெயினை அணைத்துவிட்டு மோட்டாரைப் போட்டு மீட்டரைப் பாருங்கள். பழைய வீடுகள் பலவும் இப்படி ஒட்டுப்போட்டுக் கட்டியவைதானே.

மாற்றுச் சாவி இப்போது கீழ்வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. ராத்திரி ஒரு தாழ்ப்பாள்தான், அதுவும் சாவியால் வெளியே இருந்து திறக்கிற மாதிரி. காலை ஐந்தரைக்கு வாக்கரோடு போய் மோட்டாரை நானே போடுகிறேன். முதல் நாள் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது, நான் சுவிட்சில் கை வைக்கும்போதே படியில் காலடிச் சத்தம் கேட்டது.