இரண்டாம் தவணை நிறைவு மடல்: முன்னோடிப் பரீட்சை விடைத்தாள்களைப் பற்றி

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவுக்கு வருகின்றது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் எமது பிள்ளைகள் பாடசாலைக்குப் பெருமை சேர்த்தார்கள். நூலகத்தின் கூரை திருத்தப்பட்டுவிட்டது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகள் மறிக்கப்பட்டிருந்தும் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பிவைத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இந்த மடலை எழுதுவதற்கு முதன்மையான காரணம் தரம் 13 பிள்ளைகளின் முன்னோடிப் பரீட்சைதான். கீழ் வகுப்புப் பெற்றோரும் வாசியுங்கள், உங்கள் வீட்டுக்கும் இது வரத்தான் போகின்றது.

பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் தங்கியிருப்பதால் முன்னோடிப் பரீட்சைக்குப் பிள்ளைகள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பரீட்சைக்கு அடுத்த சனிக்கிழமை வைத்த பௌதிகவியல் மீளாய்வுக்கு வகுப்பில் பாதிப் பேர்கூட வரவில்லை. வராதவர்களில் அநேகமானோர் அதே வினாத்தாளைக் கலந்துரையாடும் தனியார் வகுப்புக்குப் போயிருந்தார்கள். அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவில் புள்ளிகள் வரிசைப்படுத்தப்பட்டு, யார் எந்த வகுப்பில் புதிதாகச் சேரவேண்டும் என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

உங்கள் கவலை எங்களுக்கு விளங்குகின்றது. ஆனால் பிள்ளை எந்த வகைப் பிழை விட்டது என்று தெரியாமல் எடுக்கும் முடிவு அநேகமாகத் தவறான முடிவாகவே அமைகின்றது. மீளாய்வில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை ஒரு விடைத்தாளைக் கொண்டே விளக்குகின்றேன். அந்த மாணவர் சம்மதித்திருக்கிறார்; பெயர் தேவையில்லை.

பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள் உள்ளன. நேரம் இரண்டு மணித்தியாலம், கணிப்பான் கிடையாது. இவருக்கு 31 சரி, 19 பிழை. மீளாய்வுக்கு முன் அந்த 19ஐயும் தானே வகைப்படுத்தும்படி கேட்டோம். கவனயீனம் 10, நேரம் போதாமை 6, எண்ணக்கரு விளங்காதவை 3 என்று எழுதித் தந்தார். வீட்டிலும் அதையே சொல்லியிருப்பார். “என்ர பிள்ளைக்கு எல்லாம் தெரியும், கவனம்தான் காணாது” என்று பெற்றோர் சொல்வது இப்படித்தான் வருகின்றது.

பிறகு அந்த 19 வினாக்களையும் வெறுந்தாளில் மறுபடி செய்யச் சொன்னோம். புள்ளித்திட்டம் தரவில்லை. பரீட்சையில் தெரிவுசெய்த விடையைக் காட்டவில்லை. மணிக்கூட்டுக் கட்டுப்பாடும் இல்லை, ஒவ்வொரு வினாவுக்கும் எடுத்த நேரத்தை மட்டும் பக்கத்தில் குறித்தார். ஒருவரின் உதவியும் இன்றி மூன்று நிமிடத்துக்குள் சரியாகச் செய்தால் எண்ணக்கரு இருக்கின்றது என்று கொள்ளலாம். அப்படியானால் பிழை கவனயீனத்தால் வந்ததா, நேர நெருக்கடியால் வந்ததா என்பதைப் பரீட்சைத் தாளில் உள்ள செய்கையே சொல்லிவிடும். மறுபடியும் பிழைத்தால், அல்லது சரியான விடைக்கு வரப் பத்து நிமிடம் எடுத்தால், அது எண்ணக்கருப் பிழை.

முடிவில் கவனயீனம் 4, நேரம் 4, எண்ணக்கரு 11 என்று வந்தது.

அந்த 11இல் மூன்றைப் பாருங்கள். ஒரு வினாவில் இரண்டு கம்பிகள். திரவியமும் நீளமும் ஒன்றே, இரண்டாவதன் விட்டம் இரு மடங்கு. முதலாவதன் தடை R என்றால் இரண்டாவதன் தடை என்ன? விடை R/4. இவர் R/2 என்று புள்ளடி இட்டிருந்தார். வேறொரு வினாவில் அதே சுமையைத் தாங்கும் இரு மடங்கு விட்டமுள்ள கம்பியின் நீட்சி கேட்கப்பட்டது. அதுவும் நாலிலொன்றாக வரவேண்டும், இவர் அரைவாசி என்றார். மூன்றாவது, குழாயின் விட்டம் அரைவாசியாகும் இடத்தில் நீரின் கதி. நான்கு மடங்கு ஆகவேண்டியதை இரு மடங்கு என்றார். ஒன்று மின், ஒன்று மீள்தன்மை, ஒன்று ஓடும் நீர் என்பதால் மூன்றையும் தனித்தனிக் கவனயீனமாக எழுதியிருந்தார். உண்மையில் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஓட்டை: குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு மாறுகின்றது என்பது கையில் ஏறவில்லை. மின்னோட்ட அலகை ஒரு வகுப்பில் முதலிலிருந்து படித்தாலும் இது அடைபடாது, ஏனென்றால் ஓட்டை அந்த அலகில் இல்லை. எங்கள் ஆசிரியர் விட்டத்தையும் பரப்பையும் வைத்து ஆறு சிறு கணக்குகள் கொடுத்தார். அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. ஒரே பிழை ஒரு தாளில் இரண்டு மூன்று தரம் வந்தால் அதைக் கவனயீனம் என்று எழுதவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

நேரப் பிழைகள் இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியவை. இவர் கடைசி ஏழு வினாக்களை வாசிக்காமலே புள்ளடி இட்டார். தற்செயலாக ஒன்று சரியாகி ஆறு பிழைத்தன. மறுபடி செய்தபோது ஆறில் நான்கை இலகுவாகச் செய்தார். அவைதான் உண்மையான நேரப் பிழைகள். ஆனால் அந்த நேரம் போன இடம் வேறு. ஒவ்வொரு பத்தாவது வினா முடிந்ததும் மணியை ஓரத்தில் குறிக்கும் பழக்கத்தை இந்த வருடம் ஏற்படுத்தியிருக்கிறோம். பத்து வினாவுக்கு 24 நிமிடம் கணக்கு. இவரது தாளில் முதல் பத்துக்கு 21 நிமிடம், அடுத்த பத்துக்கு 37, பிறகு 26, 26. கடைசிப் பத்துக்கு எஞ்சியது 10 நிமிடம் மட்டும்.

அந்த 37 நிமிடத்துக்குள் 14ஆவது வினா இருக்கின்றது. உராய்வற்ற பாதை ஒன்று மூன்று வெவ்வேறு சாய்வுகளில் இறங்குகின்றது, மொத்த உயரம் 5 மீற்றர், ஓய்விலிருந்து விடப்படும் பொருள் அடியில் என்ன கதியில் வரும்? அழுத்தசக்தி இயக்கசக்தியாக மாறுகின்றது என்று கண்டால் v = √(2gh), g = 10 என்று பிரதியிட விடை 10 m/s. ஒரு நிமிட வேலை. இவர் ஒவ்வொரு சாய்வுக்கும் ஆர்முடுகலைத் தனித்தனியே கண்டு, மூன்று தரம் சமன்பாடு எழுதி, ஒன்பது நிமிடம் செலவழித்து, சரியான விடைக்கே வந்திருக்கிறார். புள்ளியும் கிடைத்தது. பிழைத்த வினாக்களை மட்டும் புரட்டிப் பார்க்கும் எந்தக் கலந்துரையாடலிலும் இந்த வினா அகப்படாது. சக்திக் காப்பைப் பயன்படுத்தவேண்டிய இடத்தை அடையாளம் காணாதது 14இல் இருக்க, அதற்கான தண்டனை 44க்கு மேலே போய் விழுந்திருக்கின்றது. ஆகவே “வேகம் காணாது, இன்னும் கனக்க வினாத்தாள் செய்யவேணும்” என்று இவரை வருத்தியிருந்தால், அதே நீண்ட வழியை இன்னும் பத்துத் தாளில் பழகியிருப்பார். ஒரு வினா மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இலக்கத்தை வட்டமிட்டு விட்டுப் போகவும், எல்லாம் ஒரு சுற்று முடிந்தபின் திரும்பி வரவும் இப்போது பழக்குகிறோம்.

எஞ்சிய நான்கு கவனயீனப் பிழைகளுக்கும் “கவனமாக இரு” என்று சொல்வதால் பயன் இல்லை. இரண்டு, 17ஆவது வினாவை விட்டுப்போனபோது விடைத்தாளில் நிரை மாறிப் புள்ளடி இட்டதால் போனவை. வினாவைத் தாண்டும்போது விடைத்தாளிலும் அந்த நிரைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து, பிறகு அழித்துவிடுவதே அதற்கு மருந்து. ஒன்றில் “பிழையான கூற்று எது” என்பதைச் சரியான கூற்று என்று வாசித்திருந்தார். மற்றையதில் 0.4 மில்லிமீற்றர் 4 × 10⁻³ மீற்றர் ஆகிவிட்டது, 4 × 10⁻⁴ ஆகியிருக்கவேண்டும். இரண்டுக்கும் வாசிக்கும்போதே “பிழையான” என்ற சொல்லுக்கும் அலகுக்கும் கீழே கோடிடும் பழக்கம் உதவும்.

இனி ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். விடையைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு எல்லாப் பிழையும் கவனயீனப் பிழையாகவே தெரியும். “ஓ, வர்க்கத்தை மறந்துபோனன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். கலந்துரையாடல் வகுப்புக்குப் போய்விட்டு எங்கள் மீளாய்வுக்கு வரும் பிள்ளையின் தாளை வகைப்படுத்த ஆசிரியருக்கு வழியே இல்லை. எனவே அடுத்த முன்னோடிப் பரீட்சை முதல், வினாத்தாளும் விடைத்தாளும் புள்ளித்திட்டமும் மீளாய்வு முடியும்வரை பாடசாலையிலேயே இருக்கும். மீளாய்வுக்கு வராத பிள்ளை, வேறொரு நாளில் வந்து வெறுந்தாளில் மறுபடி செய்து கொடுத்த பின்னரே புள்ளியைப் பெறலாம். நோய், மரணவீடு போன்ற காரணங்களைத் தவிர இதில் விதிவிலக்குத் தரமுடியாது. தயவுசெய்து அலுவலகத்தில் வந்து கேட்கவேண்டாம்.

தனியார் வகுப்புகளை நாங்கள் குறைசொல்லவில்லை. அங்கே படித்து முன்னேறிய பிள்ளைகள் நிறையப் பேர். அந்த ஒரு சனிக்கிழமைக் காலையை மட்டும் எங்களுக்கு விட்டுத் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். மீளாய்வு முடிந்தபின் எந்தக் கலந்துரையாடலுக்கும் போகட்டும், அப்போது என்ன கேட்கவேண்டும் என்பது பிள்ளைக்கே தெரிந்திருக்கும்.

பரீட்சை அன்று பின்னேரம் வீடு திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை சரி வரும்?” என்று கேட்பதற்குப் பதிலாக “எந்த இலக்கத்தில் கனநேரம் நின்றனீ?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிச் சனிக்கிழமை கொண்டுவரட்டும். ஊகித்து இட்ட வினாக்களின் இலக்கங்களையும் அதிலேயே எழுதட்டும். ஐந்து தெரிவுகளில் ஒன்று தற்செயலாகச் சரியாகியிருக்கலாம், அதையும் நாங்கள் தெரியாத வினாவாகவே எண்ணவேண்டும்.

சனிக்கிழமைகளில் தங்கள் வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்து ஒவ்வொரு தாளாக இருந்து பார்க்கும் ஆசிரியர்களுக்கும், வினாத்தாள் அச்சிடும் செலவைப் பொறுப்பேற்ற பழைய மாணவர்களுக்கும், கடந்த மீளாய்வன்று கேட்காமலே தேநீரும் வடையும் கொண்டுவந்து தந்த தாய்மாருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த மீளாய்வு காலை 8 மணிக்குத் தொடங்கும். நீலப் பேனை, பென்சில், ஒற்றைத் தாள்கள் பத்து, மணிக்கூடு ஆகியவற்றுடன் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். தொலைபேசி வேண்டாம்.

இங்ஙனம்,
அதிபர்
யாழ்ப்பாணம்