கலாவுக்கு, அந்த ஒரே வரி பற்றி

அன்புள்ள கலா,

நலம்தானே? மூன்று மாதமாக எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ட்ராயிங் சார் ஓய்வு பெற்றுவிட்டார், மாலையை மட்டும் இன்னும் கழற்றவில்லை. நீ நம்ப மாட்டாய், நேரில் சொல்கிறேன்.

எழுத வந்தது வேறு. போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். என் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா மூன்று பருவ ரிப்போர்ட் கார்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் கணக்குக்கு ஒரே வரி: 'நன்கு முயல்கிறான், இன்னும் கவனம் செலுத்தினால் சிறப்பாக வரலாம்.' "எதுல கவனம் செலுத்தணும் டீச்சர்?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் உறைத்தது. என்னிடம் பதில் இல்லை.

உனக்குத் தெரியும், எங்களிடம் வரி வங்கி என்று ஒரு எக்செல் கோப்பு சுற்றுகிறது. மதிப்பெண்ணைப் பார்த்து வரியை எடுத்து ஒட்ட வேண்டும். 60 முதல் 70 வரை ஒரு வரி. பையன் 61, 64, 69 என்று ஏறியிருக்கிறான், ஆனாலும் அதே பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டியில் விழும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்த வேண்டும், எந்த அப்பாவும் சண்டைக்கு வரக்கூடாது என்று எழுதிய வரி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. மதிப்பெண் பக்கத்திலேயே இருக்கிறது, நாம் அதையே வார்த்தையில் திருப்பிச் சொல்கிறோம். அதையும் கடைசி நாள் ராத்திரி, நோட்டெல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகு எழுதுகிறோம்.

திங்கள் அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பருவத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியவன் இப்போது பகுதியைச் சமமாக்கிக் கூட்டுகிறான். ஆனால் 3.5-உடன் 0.25-ஐக் கூட்டினால் 0.60 என்கிறான். புள்ளியை நேராக வைக்காமல் கடைசி இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 35-ம் 25-ம் போலக் கூட்டியிருக்கிறான். அவன் அம்மா கேட்டதற்கு விடை இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது!

அப்புறம் உட்கார்ந்து வங்கியைக் கலைத்துவிட்டேன். மதிப்பெண் வாரியாக இருந்ததைத் தவறு வாரியாக மாற்றினேன். எங்கள் வகுப்பின் கணக்குத் தவறுகள் பதினைந்துக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தவறு என்ன, வீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதி எண் கொடுத்தேன். ஒரே தவறைச் செய்யும் ஆறு பேருக்கு ஒரே வரி போனால் தப்பில்லை. அந்தப் பிள்ளையிடம் நான் பார்த்ததைச் சொல்லும் முதல் வரியை மட்டும் கையால் எழுதுகிறேன். B-யில் என் வரி, C-யில் தவறு எண், D-யில் இது:

```
=B2&" "&VLOOKUP(C2,bank!A:B,2,FALSE)
```

அவனுக்கு வந்தது: 'பின்னங்களைப் பகுதி சமமாக்கிக் கூட்டுகிறான். தசமக் கூட்டலில் புள்ளி நேராக அமைவதில்லை. கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக வாரம் ஐந்து கணக்கு எழுதிப் பார்க்கட்டும்.'

வங்கி வரிகள் எல்லாம் 'பார்க்கட்டும்' என்று முடிவதைக் கவனி. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒத்துவரும். போன பருவம் ஒரு பெண் பிள்ளை கார்டில் 'எழுதுகிறான்' என்று போய், அவள் அண்ணன் இன்னும் கேலி செய்கிறானாம். இன்னொரு வம்பு, எங்கள் மென்பொருள் 250 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். 'கணக்கு' நமக்கு நாலு எழுத்து, அதற்கு ஆறு. புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதனால் 'மேலும்', 'மிகவும்' எல்லாம் முதல் பலி.

முதல் வரிக்கு விஷயம் எங்கிருந்து வரும் என்று கேட்பாய். வருகைப் பட்டியலை அகலக் கட்டத்துடன் அச்செடுத்து நோட்டுக் கட்டோடு வைத்திருக்கிறேன். திருத்தும்போது தினம் ஐந்து பேருக்கு மட்டும் அரை வரி: 'தசமம், புள்ளி நழுவுது, 12-ம் பக்கம்.' 41 பேரும் ஒன்பது நாளில் முடிய வேண்டும். இஷ்டத்துக்கு எடுத்துத் திருத்தினேன், ஏழு கட்டம் காலியாகவே நின்றது. பார்த்தால் ஏழு பேரும் நடுத்தர மதிப்பெண், வாய் திறக்காத பிள்ளைகள். அந்தப் பழைய வரி அதிகம் போனதும் இவர்களுக்குத்தான். இப்போது இவர்கள் நோட்டுதான் கட்டின் மேலே.

மொத்தத்தில் ஒட்டும் வேலை இரண்டு மணி நேரம் பிடித்தது, இப்போது மூன்று. தலைமையாசிரியர் 'குறை எழுதாதீர்கள்' என்கிறார். 'கவனம் தேவை' மட்டும் பாராட்டா என்று கேட்க வாய் வரை வந்தது. நீ இருந்தால் கேட்டிருப்பாய், நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி, உன் தமிழ் வகுப்புத் தவறுகளை எண் போட்டு அனுப்பு. ல, ள, ழ-வையே மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஞாயிறு மாலை போன் செய், மாலை கதை பாக்கி இருக்கிறது.

உன்,
சாந்தி