தொலைபேசியில் சொன்னவருக்குக் கையெழுத்து கிடையாது

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், நம் கடன் சங்கத்தின் செயலாளருக்கும் பணியாளர்களுக்கும்,

வணக்கம். தேர்தலில் ஜெயித்து வந்தவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது வேறு காரியமாக. சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வதுதான் என் தொழிலாக இருந்தது. குழுவுக்கும் அலுவலகத்துக்கும் எங்கே உரசுகிறது என்று ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. ரொக்கப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படிப் பலமுறை கண்ணில் பட்ட ஒரே ஒரு விவகாரத்தை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

ஒரு உறுப்பினருக்குப் பழைய கடன் பாக்கி இருக்கிறது. வட்டியோடு சேர்த்து 60,000, முழுவதும் தவணை தவறியது. அவருக்குத் தெரிந்த இயக்குநர் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடன் பிரிவு எழுத்தரைத் தொலைபேசியில் அழைக்கிறார். "அவருக்கு 1,00,000 போட்டுக் கொடுத்துடுங்க. திங்கட்கிழமை கூட்டத்துல பாஸ் பண்ணிடலாம், நான் இருக்கேன்ல." எழுத்தர் செயலாளரைத் தேடுகிறார், அவர் வெளியே போயிருக்கிறார். சொன்னவர் குழுவில் இருப்பவர், நாளைக்கு இவருடைய சம்பள உயர்வுக்குக் கை தூக்க வேண்டியவர். பட்டுவாடா நடந்துவிடுகிறது. அதில் 60,000 பழைய கடனுக்கு வரவு வைக்கப்படுகிறது. கையில் போனது 40,000.

திங்கட்கிழமை கூட்டத்தில் "ஏற்கனவே வழங்கிய கடனை அங்கீகரித்தல்" என்று ஒரு வரி வருகிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை. மாத அறிக்கையில் தவணை தவறிய கடன் 60,000 குறைந்துவிட்டதாகத் தெரியும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த உறுப்பினர் சங்கத்துக்குத் தர வேண்டியது 60,000-லிருந்து 1,00,000 ஆகியிருக்கிறது. வசூல் என்று எழுதப்பட்டதில் ஒரு காசுகூட வெளியிலிருந்து வரவில்லை. இதைப் புத்தகச் சரிக்கட்டல் என்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரே உறுப்பினர் பெயரில், ஒரே தேதியில், பழைய கடனுக்கு வரவும் புதுக் கடனுக்குப் பற்றும் இருக்கும். பட்டுவாடா தேதி தீர்மானத் தேதிக்கு முந்தியதாக இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கடன் வராக்கடன் ஆகும்போது கோப்பைப் புரட்டுவார்கள். வவுச்சரில் எழுத்தரின் கையெழுத்து இருக்கும், செயலாளரின் கையெழுத்து இருக்கும். தொலைபேசியில் சொன்ன இயக்குநரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. "நான் பரிந்துரைதானே செய்தேன், பரிசீலித்துக் கொடுக்க வேண்டியது அலுவலகத்தின் வேலை" என்பார் அவர். சட்டப்படி பார்த்தால் அவர் சொல்வது தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு இயக்குநருக்குத் தனியாளாக எந்த அதிகாரமும் கிடையாது. முறையாகக் கூட்டப்பட்டு, குறைவெண் இருந்து, தீர்மானம் போடும் குழுவுக்குத்தான் அதிகாரம். கூட்டம் கலைந்து வெளியே வந்ததும் இயக்குநரும் ஒரு உறுப்பினர்தான். குழு ஒரு வேலையை அவரிடம் எழுத்தில் ஒப்படைத்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் விதிவிலக்கு. தலைவருக்குத் துணைவிதியில் தனி அதிகாரம் கொடுத்திருக்கும் சங்கங்களும் உண்டு. நம் துணைவிதியில் என்ன இருக்கிறது என்பதை முதல் கூட்டத்திலேயே உரக்கப் படித்துவிடுங்கள். ஆளாளுக்கு ஒன்று நினைத்துக்கொண்டிருப்பது நல்லதில்லை.

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ல் மான்செஸ்டரில் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. ஆக இயக்குநர்கள் பொதுப்பேரவைக்குப் பதில் சொல்ல வேண்டும். பணியாளர் செயலாளருக்கும், செயலாளர் குழுவுக்கும் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு புகுந்தால் எழுத்தருக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுகிறார்கள், செயலாளர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாமல் போகிறது.

இதற்கு நான் கேட்பது ஒரு அதிகாரப் பகிர்வுத் தீர்மானம். எந்தத் தொகை வரை செயலாளர் தன் பொறுப்பில் ஒப்பளிக்கலாம், எதற்கு மேல் கடன் துணைக் குழுவுக்குப் போக வேண்டும், எதற்கு மேல் முழுக் குழுவுக்கு வர வேண்டும் என்று துணைவிதி அனுமதிக்கும் வரம்புக்குள் எழுதிவையுங்கள். உதாரணத்துக்கு 50,000 வரை செயலாளர், 2,00,000 வரை துணைக் குழு, அதற்கு மேல் குழு. தொகை எதுவாகவும் இருக்கட்டும். தொகையைவிட அதோடு சேர வேண்டிய மூன்று நிபந்தனைகள்தான் முக்கியம். தவணை தவறிய பாக்கி இருப்பவருக்குப் புதுக் கடன் என்றால் தொகை சிறியதானாலும் முழுக் குழுவுக்கு வர வேண்டும். இயக்குநரின் குடும்பத்தாருக்கோ பணியாளரின் குடும்பத்தாருக்கோ கடன் என்றாலும் அப்படியே. சம்பந்தப்பட்டவர் அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே போக வேண்டும், போனதும் திரும்பி வந்ததும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். தீர்மான எண் இல்லாத வவுச்சருக்குக் காசாளர் பணம் கொடுக்கக் கூடாது. செயலாளர் தன் வரம்புக்குள் ஒப்பளித்ததாக இருந்தால் தீர்மான எண்ணுக்குப் பதிலாக அவருடைய ஒப்பளிப்பு ஆணையின் எண் இருக்க வேண்டும்.

அப்புறமும் தொலைபேசி வரும். வராமல் இருக்காது. அதற்கு ஒரு சாதாரண நோட்டு போதும். இயக்குநர் யாராவது பணியாளரிடம் நேராக ஏதாவது செய்யச் சொன்னால், "சார், எழுதிக்கிறேன், செயலாளர்கிட்ட சொல்லிடறேன்" என்று பணியாளர் மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தேதி, நேரம், சொன்னவர், சொன்னது ஆகிய நான்கையும் குறித்துவைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் செயலாளர் அந்த நோட்டைக் குழுவின் முன் வைக்க வேண்டும். இதில் யாரையும் மாட்டிவிடும் நோக்கம் இல்லை. இயக்குநர் சொன்னது நியாயமான உறுப்பினர் குறையாகவே இருக்கலாம்; பாஸ்புக்கில் வரவு ஏறவில்லை என்பது மாதிரி. அதுவும் அதே நோட்டில் பதிவாகித் தீர்வு காணும். உறுப்பினர்கள் உங்களிடம்தான் வந்து சொல்வார்கள், நீங்கள் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவரத்தான் வேண்டும். குறையைக் கொண்டுவருவது உங்கள் வேலை. எப்படித் தீர்ப்பது என்று எழுத்தருக்கு உத்தரவு போடுவது உங்கள் வேலையில்லை.

இவ்வளவும் படித்துவிட்டுப் பணியாளர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

குழு ஏன் தொலைபேசியில் பேசுகிறது என்றும் பார்க்க வேண்டும். பல சங்கங்களில் நிகழ்ச்சி நிரல் கூட்டத்தன்று காலையில்தான் கைக்கு வருகிறது. ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு 40 பொருள்கள். கடன் மனுக்கள் கட்டாக மேஜையில் வைக்கப்படும், "எல்லாம் சரிபார்த்தாச்சு சார்" என்று செயலாளர் சொல்வார், கையெழுத்து நோட்டு சுற்றி வரும். முக்கியமானது எதுவோ அது "இதர பொருள்கள்" என்ற கடைசித் தலைப்பில் ஒளிந்திருக்கும். தீர்மான வாசகம் கூட்டம் முடிந்து நான்கு நாள் கழித்து எழுதப்படும். அங்கே நடப்பது குழு ஆட்சி என்று எனக்குத் தோன்றவில்லை. செயலாளர் ஆட்சிக்குக் குழு முத்திரை குத்துகிறது, அவ்வளவுதான். கூட்டத்தில் வாயைத் திறக்க வழியில்லாத இயக்குநர் கூட்டத்துக்கு வெளியே வழி தேடுகிறார்.

ஆகவே செயலாளரிடம் நான் கேட்பது: துணைவிதி எத்தனை நாள் அறிவிப்பு கேட்கிறதோ அது ஒரு பக்கம் இருக்கட்டும், கடன் மனுக்களின் சுருக்கம் ஏழு நாளுக்கு முன்பே எல்லா இயக்குநருக்கும் போய்ச் சேரட்டும். மனு ஒன்றுக்கு ஒரு வரி போதும்: கேட்ட தொகை, பங்குத் தொகை, பழைய பாக்கி, ஜாமீன்தாரர் யார், ஜாமீன்தாரருக்கே பாக்கி உண்டா, அலுவலகத்தின் பரிந்துரை என்ன. பணம் சம்பந்தப்பட்ட எதையும் "இதர" தலைப்பில் கொண்டுவர வேண்டாம். தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதிப் படித்துக்காட்டி, மிச்சமிருக்கும் வெற்று வரிகளைக் கோடிட்டு அடித்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். குழு எடுத்த முடிவு விதிக்கு முரண் என்று தோன்றினால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அந்த ஆட்சேபத்தையும் பதிவு செய்யுங்கள். வெளியே வந்து புலம்புவது உங்களைக் காப்பாற்றாது, பதிவுதான் காப்பாற்றும். ஆட்சேபத்தைப் பதிந்த பிறகும் குழு அதே முடிவில் நின்றால், சட்டத்துக்குப் புறம்பாக இல்லாத வரை அதை முழு மனதோடு நிறைவேற்ற வேண்டியதும் உங்கள் கடமை. கோப்பைத் தூங்கவைத்து முடிவைத் தோற்கடிக்கிற வித்தையையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாதா மாதம் குழுவுக்குக் கட்டாயம் வர வேண்டியவை அதிகமில்லை. தவணை தவறிய கடன் எவ்வளவு, அதில் வசூலானதில் ரொக்கமாக வந்தது எவ்வளவு, சரிக்கட்டலாக வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஒரு தாள். வங்கிக் கணக்கு ஒத்திசைவுப் பட்டியல் ஒன்று. அனாமத்துக் கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் இனங்கள். கடைசியில் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. கையாடல் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இயக்குநர்கள் கணக்கைப் பார்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாருங்கள், பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. இருப்புச் சரிபார்ப்புக்கு இரண்டு இயக்குநர்களைக் குழு தீர்மானத்தில் நியமிக்கட்டும், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பெட்டகத்தைக் காசாளர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும், எண்ணுவதும் காசாளர்தான். நீங்கள் பார்த்து, முந்தின நாள் இறுதி இருப்போடு அன்றைய வரவு செலவு வவுச்சர்களைக் கூட்டிக் கழித்து, நோட்டு வாரியாக எழுதி, மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். இயக்குநர் தனியாக வந்து பணத்தைத் தொட்டால், குறைவு ஏற்படும்போது காசாளரைக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடும். ஒரு இயக்குநர் எழுத்தில் கேட்ட தகவலுக்குத் தரும் பதிலின் நகல் எல்லா இயக்குநருக்கும் போகட்டும். தனி ஆளுக்குத் தனித் தகவல் என்று ஆரம்பித்தால் குழுவுக்குள் கோஷ்டி சேரும்.

பணியாளர் விவகாரத்தில் சுருக்கமாக ஒன்று. செயலாளரைக் குழு மதிப்பிடட்டும், மற்றவர்களைச் செயலாளர் மதிப்பிடட்டும். ஒழுங்கு நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் குழுதான். அதே குழுவினர் முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், மேல்முறையீட்டை நடுநிலையாகக் கேட்க ஆள் இருக்காது.

முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதிகாரப் பகிர்வுத் தீர்மானத்தையும் அந்த நோட்டையும் சேருங்கள். அடுத்த பொதுப்பேரவையில் நான் இரண்டு கேள்வி கேட்பேன்: பட்டுவாடாவுக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட கடன்கள் எத்தனை, வசூல் என்று காட்டியதில் சரிக்கட்டல் எவ்வளவு. பதிலை எண்களாகத் தயார் செய்து வாருங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்