மலர், அந்த நோட்டுக்கு இன்னும் பணம் கட்டாதே

அன்புள்ள மலர்விழி,

நீ அனுப்பிய படம் நேற்று ராத்திரி வந்தது. மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டு, 1998ஆம் ஆண்டு, 'திரும்பப் பெறப்பட்டது, அரிது' என்று கடைக்காரர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. மாமனாருக்கு எழுபது நிறையும் நாளில் அதைக் கொடுத்தால் அவர் முகம் மலரும் என்று நீ நினைத்ததிலும் தப்பில்லை. ஆனால் அவரிடம் அந்த நோட்டு ஏற்கெனவே ஐந்து இருக்கிறது. அதில் ஒன்று நான் கொடுத்தது.

அந்த நோட்டின் கதையை உன் வருங்காலக் கணவர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அப்போது சின்ன வயது. எங்கள் நோட்டுகளில் தொகை மூன்று மொழிகளில் இருக்கும்: ஆங்கிலம், தமிழ், இந்தி. 1998இல் புது வரிசை வெளிவந்தபோது ஆங்கிலத்துக்கு அடுத்து இந்தியும், கடைசியில் தமிழும் அச்சாகியிருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வாரிசுகள் இங்கே இருக்கிறார்கள். தமிழைக் கீழே இறக்கியதை அவர்கள் சும்மா விடவில்லை. எதிர்ப்பு வலுத்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 1999 என்று ஆண்டு போட்டு வந்த நோட்டுகளில் தமிழ் தன் பழைய இடத்துக்கே திரும்பியது. உலக நோட்டு கேட்டலாக்கில் நூறு ரூபாய்க்கு முன்னது 44ஆம் எண், பின்னது 51ஆம் எண்.

கதை நன்றாக இருப்பதால்தான் சிக்கல். சேகரிப்பவர் ஒருவருக்குப் பரிசு தேடும் எல்லோருமே கதை உள்ள பொருளைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறோம். கதை தெரிந்தவர்கள் எல்லோரும் அதையே வாங்கிக் கொடுக்கிறார்கள். அதனால் பிரபலமான ஒன்று அவரிடம் கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்கு.

நான் கொடுத்த அன்று உன் மாமனார், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், 'நல்லா இருக்கும்மா' என்றார். கட்டைவிரலை நோட்டில் இருந்த முகத்தின் மேல் மெதுவாக ஓட்டினார். பிறகு ஆல்பத்தைத் திறக்காமல், ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து உள்ளே வைத்தார். எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கித்தான் போனது. அடுத்த வாரம் கியூர்பிப்பில் அவர் வீட்டுக்குப் போனபோது, 'அண்ணா, ஆல்பத்தைக் காட்டி எனக்குப் புரியவையுங்கள்' என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். அன்றுதான் அவர் எதைச் சேர்க்கிறார் என்று தெரிந்தது.

அவர் 'நோட்டு' சேர்ப்பவர் இல்லை, மலர். நூறு ரூபாய் மட்டும்தான் சேர்க்கிறார். அதிலும் ரெங்கநாதன் சீனிவாசன் முகம் உள்ளது மட்டும். சீனிவாசன் வழக்கறிஞர், தொழிற்கட்சிக்காரர், நம் தமிழர். 1958இல் காலமானார். அவர் முகம் உள்ள நோட்டில் அச்சான ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்று, புழங்காத நிலையில் வேண்டும், இதுதான் அண்ணனின் கணக்கு. இருநூறோ ஐந்நூறோ எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஆல்பத்தில் அதற்கு இடமில்லை. நீ முதலில் நினைத்தாயே, நூறு நாட்டு நோட்டுப் பாக்கெட், அது வந்திருந்தால் ஒன்றுகூட உள்ளே போயிருக்காது.

ஆல்பத்தைப் பார்க்கும்போது இருப்பதைவிட இல்லாததைக் கவனி. முதல் பக்கத்தில் 1998உம் 1999உம் எதிரெதிரே இருக்கின்றன. அந்த 1999 நோட்டு நைந்தது, ஓரத்தில் குண்டூசி ஓட்டை, மடிப்பில் அழுக்குக் கோடு. 'இதை மாற்ற வேண்டாமா?' என்று கேட்டுவிட்டேன். அவருடைய அம்மா கடைசித் தைப்பூசத்தன்று கையில் வைத்த காசாம். அதற்குப் பதிலாகப் புத்தம் புது நோட்டு கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், ஆனால் அது டப்பாவுக்குத்தான் போகும்.

சில பக்கம் தள்ளி 2004. அந்த உறைக்குள் நோட்டோடு ஒரு சின்னச் சீட்டு, பென்சிலில் 'ஆ ராம்ப்ளாசே' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார், மாற்ற வேண்டியது என்று அர்த்தம். அந்த நோட்டு நடுவில் ஒரு தடவை மடிந்தது. 2007, 2009 இரண்டும் மொடமொடவென்று புதிதாக இருந்தன. ஆக உனக்கு வேண்டியது 2004ஆம் ஆண்டு நூறு ரூபாய், மடிப்பே இல்லாதது. 1998க்கு உன்னிடம் கேட்ட விலையைவிட இது குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விலை குறைவாக இருக்கிறதே என்று தயங்காதே. அவரிடம் இருக்கும் அந்த ஐந்தோடு ஆறாவதைச் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைக்காரர் 'அன்சர்குலேட்டட்', அதாவது புழங்காதது, என்று எழுதியதை மட்டும் நம்பி வாங்கிவிடாதே. நோட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த படம் கேள், இரண்டு பக்கமும். நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும் மடிப்பு அதில் மெல்லிய நிழல்கோடாகத் தெரிந்துவிடும். நான்கு மூலைகளும் ஊசிமுனை போல இருக்க வேண்டும், மழுங்கியிருந்தால் கை மாறிய நோட்டு. அப்படி ஒரு படம் தர மறுப்பவரை விட்டுவிடு.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வந்த நோட்டு லேசாக வளைந்திருந்தால் இஸ்திரி போடாதே. என் 1998 நோட்டை நான் துணி மேலே வைத்துத் தேய்த்துக் கொண்டுபோனேன், பளிச்சென்று இருக்கட்டும் என்று. அந்த முகம் அழுத்தி அச்சிட்டது, மை மேடாக நிற்கும், விரலில் சொரசொரப்புத் தெரியும். சூட்டில் அது படிந்துவிடுகிறது, தாளின் மொடமொடப்பும் போய்விடுகிறது. அண்ணன் கட்டைவிரலை ஓட்டியது அதைத்தான் பார்க்க. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

உறையும் நீயே வாங்கி வா, அங்கே நிறையக் கிடைக்கும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்கு. மெத்தென்று, புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி. நாளாக நாளாக அதிலிருந்து பிசுபிசுப்பு கசிந்து தாளில் ஒட்டும். கியூர்பிப்பில் ஈரம் வேறு அதிகம், அலமாரித் துணியே பூத்துப்போகும் ஊர். அண்ணன் ஆல்பத்தில் பின் பக்கங்கள் இன்னும் பழைய பிவிசிதான். அவருக்கே தெரியும், மாற்ற ஆள் இல்லாமல் கிடக்கிறது.

வியாழக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். 2004 சீட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தையும் உறையின் நீள அகலத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். யாருக்கு என்று அவருக்குச் சொல்லப் போவதில்லை. அதுவரை பணம் கட்டாதே.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து உன் அத்தை