1,200 வட்டக் கழுத்து பனியன்கள்: தர ஆய்வு அறிக்கை குறித்த புகார்

அனுப்புநர்: துணிக்கடை உரிமையாளர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.
பெறுநர்: ஏற்றுமதி மேலாளர், பின்னலாடை நிறுவனம், திருப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் அனுப்பிய 1,200 பனியன்களும் 30 பெட்டிகளில் வந்து சேர்ந்தன. கூடவே வந்த ஆய்வு அறிக்கையில் 'பாஸ்' என்று போட்டிருக்கிறது. சரக்கு அப்படி இல்லை.

ஐ.எஸ்.ஓ. 2859-1 பொது நிலை 2, மேஜர் குறைக்கு ஏ.க்யூ.எல். 2.5 என்றுதான் ஆர்டரில் எழுதியிருந்தோம். இந்த லாட்டுக்கு அதன்படி 80 பீஸ் எடுக்க வேண்டும். மேஜர் குறை 5 வரை ஏற்கலாம், 6 ஆனால் லாட் நிராகரிப்பு. உங்கள் ஆய்வாளரோ எஸ்-4 நிலையில் வெறும் 20 பீஸ் பார்த்திருக்கிறார். அதையும் எம் சைஸ் பெட்டிகள் இரண்டிலிருந்தே எடுத்திருக்கிறார். ஆறு பெட்டியாவது திறந்து, எல்லா சைஸிலும் எடுத்திருக்க வேண்டாமா?

சரி, அந்த 20 பீஸையே எடுத்துக்கொள்வோம். கறை என்று ஒரு மேஜர், ஊசி ஓட்டை என்று மூன்று மைனர் எழுதியிருக்கிறார். நூல் பிசிறு வெட்டாமல் விட்டால் மைனர். ஊசி ஓட்டை எப்படி மைனர் ஆகும்? சிங்கிள் ஜெர்சியில் ஊசி கண்ணியை அறுத்துவிட்டால் நாலு சலவையில் அது ஓடிப் பெரிதாகும். பக்கத் தையலை இரு கையாலும் மெல்ல இழுத்தாலே தையலோரம் வரிசையாகத் துளி துளியாக வெளிச்சம் தெரிகிறது. முனை மழுங்கிய ஊசியா, பால் பாயின்ட் போடாமல் விட்டதா என்பதை உங்கள் தையல் லைனில்தான் பார்க்க வேண்டும். அவற்றை மேஜரில் சேர்த்தால் நான்கு. 20 பீஸுக்கு அனுமதி ஒன்றுதான். ஆக, உங்கள் அறிக்கைப்படியே லாட் ஃபெயில்.

அப்புறம் அளவு. எக்ஸ்எல் மார்பளவு, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்கே அளந்தால், 56 செ.மீ. இருக்க வேண்டும், ஒரு செ.மீ. கூடலாம், குறையலாம். சில பீஸ்களில் 53தான் இருக்கிறது. உயரமும் 74-க்குப் பதில் 72. இரண்டும் அளவுப் பட்டியலில் எல் சைஸுக்கு உரியவை. துணி சுருங்கியிருந்தால் எல்லா அளவும் இப்படி ஒன்றுபோல எல்லில் வந்து உட்காராது. எல் பனியனில் எக்ஸ்எல் லேபிள் தைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கால்பந்துக் குழுவில் பாதிப் பேர் எக்ஸ்எல்காரர்கள். முதலில் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான்.

எல்லாப் பெட்டியிலிருந்தும் கலந்து 80 பீஸ் எடுத்து நாங்களே பார்த்தோம். ஊசி ஓட்டை 9, லேபிள் மாறியது 6. அனுமதி ஐந்து, வந்தது பதினைந்து. ஐந்துக்குள் நின்றிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே ஆள் வைத்து 1,200 பீஸையும் பிரித்துப் பார்க்கும் கூலியையும், கழிக்கப்படும் பீஸ்களின் விலையையும் நீங்கள் ஏற்க வேண்டும். எக்ஸ்எல் பீஸ்களுக்கு மாற்றுச் சரக்கை விமானத்தில் அனுப்புங்கள். அனுப்பும் முன் நிலை 2-இல் ஆய்வு செய்து, திறந்த பெட்டி எண்களோடு அறிக்கை தாருங்கள். அதுவரை பாக்கித் தொகையை நிறுத்திவைக்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்