பதினான்கு வரியில் யார் கை தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் எழுதித் தரும் கணினி நிரல் சாட்ஜிபிடி போன்ற இயந்திரம் எழுதியதா என்று கல்லூரிகள் மென்பொருள் வைத்துச் சோதிப்பது பற்றி உங்கள் இதழில் வந்ததைப் படித்தேன். அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே நடந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அண்ணன் மகள் வேலூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். சி மொழி லேபில், ஏறுவரிசையில் உள்ள எண்களில் நடுவைப் பார்த்துப் பார்த்துப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் எழுதிக் கொடுத்தாள், பூஜ்யம் போட்டுவிட்டார்கள். சோதிக்கிற மென்பொருள் 92 சதவீதம் இயந்திரம் என்று காட்டியதாம். சாயங்காலம் காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவள் தோள் பையைக்கூட இறக்காமல், "சித்தப்பா, உங்க முன்னாடி உட்கார்ந்து நான் பழகினதுதானே இது?" என்று கேட்டாள். ஆமாம், பழகியதுதான். 22 வருஷம் பாலிடெக்னிக்கில் சி சொல்லிக்கொடுத்தவன் நான், போன கோடை விடுமுறையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அவள் கொடுத்தது இது:

```c
int search(int a[], int n, int key)
{
    int low = 0, high = n - 1;
    while (low <= high) {
        int mid = low + (high - low) / 2;
        if (a[mid] == key)
            return mid;
        if (a[mid] < key)
            low = mid + 1;
        else
            high = mid - 1;
    }
    return -1;
}
```

மொத்தம் 14 வரி. இந்த 14 வரியில் எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிற இடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஃபங்ஷனின் பெயர், மாறிகளின் பெயர், நடுவைக் கணக்கிடும் விதம், கிடைக்காவிட்டால் என்ன திருப்பித் தருவது, அடைப்புக்குறியை எந்த வரியில் போடுவது, அவ்வளவுதான். மீதியெல்லாம் மொழியின் இலக்கணமும் அல்காரிதமும் சேர்ந்து கையைப் பிடித்து எழுதவைப்பது. இஷ்டம் இருக்கிற அந்த ஐந்தாறு இடத்திலும் `low`, `high`, `mid`, `-1` என்று எழுதத்தான் தலைமுறை தலைமுறையாக நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். என் பீரோவில் பழைய பேட்ச் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகள் சில இன்னும் இருக்கின்றன, சாட்ஜிபிடி வந்த 2022 நவம்பருக்குப் பல வருஷம் முந்தையவை, பேனாவால் எழுதியவை. அன்று ராத்திரி எடுத்துப் புரட்டினேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

இந்த மாதிரி மென்பொருள்களில் பல செய்கிற வேலை இதுதான்: ஒவ்வொரு சொல்லாகப் போய், இதுவரை வந்ததை வைத்துப் பார்த்தால் அடுத்து இது வரும் என்று எவ்வளவு எதிர்பார்த்திருக்கலாம் என்று அளக்கும். எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்தால் இயந்திரம், அங்கங்கே எதிர்பாராதது வந்தால் மனிதர். கதை, கட்டுரை என்றால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் `while (low <=` என்று எழுதிவிட்ட பிறகு `high` வராமல் வேறு என்ன வரும்? மனிதர் எழுதினாலும் அதுதான், இயந்திரம் எழுதினாலும் அதுதான், ஏனென்றால் இயந்திரம் கற்றதே மனிதர்கள் எழுதிவைத்த நிரல்களிலிருந்து.

அந்த லேப் சார் காட்டிய இன்னொரு ஆதாரம்தான் என்னை ரொம்பவே வருத்தியது. ஐந்தாவது வரியில் `(low + high) / 2` என்று நேராகப் போடாமல் சுற்றி எழுதியிருக்கிறாள், முதலாண்டுப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்றாராம். நான் சொல்லிக்கொடுத்துத்தான் தெரியும். ஒரு `int` வழக்கமாக 2147483647 வரைதான் கொள்ளும். எண்கள் இருக்கும் அணி மிகப் பெரிதாக இருந்து இரண்டையும் கூட்டினால் அதைத் தாண்டிப்போய் நடு என்பது மைனஸில் போய்விடலாம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஒன்பது வருஷம் போல யாருக்கும் தெரியாமல் கிடந்தது, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதை வெளியே எழுதினார். அதற்கப்புறம் பொறுப்பாகச் சொல்லிக்கொடுக்கிற எவரும் கழித்துக் கூட்டும் முறையைத்தான் சொல்லித்தருகிறார்கள். ஒரு பிள்ளை சரியாகக் கற்றதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். அதே மாதிரி சோதிக்கும் ஒரு மென்பொருளில் முதலில் இதை அப்படியே போட்டாள், இயந்திரம் என்று வந்தது. அப்புறம் `low`, `high`, `mid` மூன்றையும் `keezh`, `mel`, `nadu` என்று மாற்றிப் போட்டாள். வேறு ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. இப்போது மனிதர் எழுதியது என்று வந்தது! அப்படியானால் நிஜமாகவே இயந்திரத்தில் எடுத்து ஒட்டுகிற பையன் மூன்று பெயரை மாற்றிவிட்டுத் தப்பிவிடுவான், நேர்மையாகப் பாடத்தில் உள்ளபடி எழுதிய பெண் மாட்டிக்கொள்வாள்.

இப்படிக் கருவி செய்தவர்களே அதன் எல்லையைச் சொல்லியிருக்கிறார்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டபோதே, 1000 எழுத்துக்குக் குறைவான உரையில் இதை நம்பாதீர்கள், நிரலிலும் நம்பாதீர்கள் என்று கூடவே எழுதியது. மேலே உள்ள ஃபங்ஷன் 500 எழுத்துகூட வராது. அவர்கள் சோதித்த ஆங்கில உரைகளிலேயே மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் என்று அது தவறாகச் சொன்னது. அந்தக் கணக்கையே வைத்தாலும், 60 பேர் இருக்கும் வகுப்பில் ஒருவர்கூடத் தப்பு செய்யாதபோது ஐந்து பேர் குற்றவாளி ஆவார்கள், அதுவும் ஒரே ஒரு பயிற்சிக்கு. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியை நிறுத்தியும் விட்டார்கள்.

பழைய காப்பி பிடிக்கும் கருவிகளுக்கு இந்த விவரம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிடைக்கும் மாஸ் என்ற கருவி 1994இல் உருவானது. அதில் `-m` என்று ஒரு அளவு உண்டு, நாம் எதுவும் மாற்றாவிட்டால் அது 10. ஒரே துண்டு அதைவிட அதிகமான பேரின் நிரலில் வந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காது, எல்லாரும் எழுதுவது யாருக்கும் எதிரான ஆதாரம் இல்லை என்பதால். 400 வரி புராஜெக்ட் என்றால் கதை வேறு. எதைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தார், பிழை வந்தால் என்ன செய்தார், குறிப்பு எங்கே எழுதினார் என்று நூறு இடத்தில் ஆளின் கை தெரியும். அதையும் முடிந்த தீர்ப்பாக எடுக்கக்கூடாது, ஆனால் பார்ப்பதற்காவது ஏதோ இருக்கிறது.

லேப் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். சந்தேகம் வந்தால் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்து ஐந்து நிமிஷம் கேளுங்கள். `<=` இருக்கும் இடத்தில் `<` போட்டால் என்ன ஆகும்? ஒரே ஒரு எண் உள்ள அணியைக் கொடுத்தால் லூப்புக்குள்ளேயே போகாது, தேடும் எண் அதுவாகவே இருந்தாலும் இல்லை என்றுதான் வரும். புரிந்து எழுதியவருக்குக் கொஞ்சம் யோசித்தால் இது வந்துவிடும். இறங்குவரிசையில் உள்ள அணியில் தேட எந்த வரியை மாற்ற வேண்டும் என்று அடுத்துக் கேளுங்கள். மனப்பாடம் செய்துவந்த ஒன்றிரண்டு பேர் இதிலும் தப்பலாம்தான், ஆனால் இது அளப்பது பிள்ளைக்குத் தெரியுமா என்பதை, மார்க் போடுவதும் அதற்குத்தானே.

இந்த இரண்டு கேள்வியையும் அன்றைக்கே அவளிடம் கேட்டுப் பார்த்தேன், டீ ஆறுவதற்குள் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டாள். தன்னை நேரில் கேட்டுப் பார்க்கும்படி துறைத்தலைவருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.