இயர்பட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வயர்லெஸ் இயர்பட் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். என் வலது பட் இடதுக்கு வெகு முன்பே அணைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டையும் கேஸில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் 100% காட்டுது, பழுது எதுவும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 100% எதில் நூறு என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பேட்டரியில் இன்றைக்கு எவ்வளவு கொள்ளுமோ அது நிறைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். 50 mAh கொள்ளளவு 25-ஆகச் சுருங்கினாலும் திரையில் அதே நூறுதான் வரும். தேய்மானத்தை மறைக்கும் எண்ணை வைத்துக்கொண்டு பழுதில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு பட்டுக்கு வேலை கூடுதல் என்பீர்கள். உண்மைதான். பல மாடல்களில் போனோடு பேசுவது ஒரு பட்தான். அழைப்பின்போது மைக்கும் பெரும்பாலும் அதிலேயே ஓடும். ஆனால் ஒன்று 10 mA, மற்றது 12 mA இழுத்தால், 50 mAh பேட்டரியில் 5 மணி நேரத்துக்கும் 4 மணி 10 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வரும். பாதியாகக் குறையாது.

அதனால் சார்ஜ் முனைகளைத் துடைத்து, முழுசாக ஏற்றி, ஒவ்வொரு பட்டையும் தனியாக, அதே பாட்டு, அதே ஒலி அளவில் ஓடவிட்டேன். தனியாக ஓடும்போது இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். இடது ஏறத்தாழ 5 மணி நேரம் தாங்கியது. வலது இரண்டரையைத் தாண்டவில்லை. அழைப்பு வந்தால் 30%-இலிருந்து சட்டென்று அணைகிறது. உள்மின்தடை ஏறிய பேட்டரியில் மின்னழுத்தம் இப்படித்தான் சரியும். ஆக, தேய்ந்திருப்பது பேட்டரி.

கூடுதல் வேலை செய்த பட் ஒவ்வொரு முறையும் ஆழமாக வடிகிறது, அதனால் சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்து சுருங்கியபின் அதே வேலைக்கு இன்னும் ஆழமாக வடிகிறது. சிறிதாகத் தொடங்கிய இடைவெளி இப்படித்தான் பெரிதாகிறது. ஒரே பட்டையே தினமும் தனியாகப் போட்டு அழைப்பு பேசுபவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

நான் கேட்பது ஒன்றே: ஒவ்வொரு பட்டின் மிச்சக் கொள்ளளவையும் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையையும் உங்கள் ஆப்பில் தனித்தனியாகக் காட்டுங்கள். பல போன்களும் லேப்டாப்களும் இதைக் காட்டுகின்றனவே! பட்டுக்குள் பேட்டரியை ஒட்டி மூடிவிடுகிறீர்கள், திறந்தால் உடைகிறது. கூடவே எண்ணையும் மூடி வைத்தால், வாங்கியவர் வாரண்டி கேட்க எதைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்?

சரி, பேட்டரி தேயும்தான். அதை நான் குறை சொல்லவில்லை. தேய்ந்ததைக் காட்டுங்கள் என்கிறேன். அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட்டிலேயே இதைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அதுவரையாவது, சர்வீஸ் சென்டரில் சதவீதத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு பட்டும் தனியாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இயர்பட் பயனர் ஒருவர்